மூன்று யூனிட்டுக்கு 15 வெள்ளியா? அடுத்த மாதக் கரண்டு பில்லைக் கணிக்கும் விதம்

"அண்ணா, செந்தூலில் பிளாட் வீடு, நாங்கள் நாலு பேர். போன மாதம் 349 யூனிட் ஓடியது, இந்த மாதம் 352. மூன்றே யூனிட்தான் கூட. ஆனால் பில் கிட்டத்தட்ட 15 வெள்ளி ஏறியிருக்கிறது. மீட்டர் கோளாறா? அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியுமா?"

மீட்டர் மீது எனக்குச் சந்தேகமே வரவில்லை, தங்கச்சி. 349, 352 என்ற இரண்டு எண்களைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் 350 உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டினால் பில் எகிறும். இப்போதைய கட்டண அமைப்பே அப்படித்தான்.

நான் ஒரு தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் புளோக்கில் யார் பில் ஏறினாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு புதிய பில்லைப் படிக்கிறார்கள். அதனால் அந்தப் பழைய கணக்கை முதலில் முடித்துவிடுவோம்.

2014-லிருந்து 2025 ஜூன் வரை நமக்கு இருந்தது சாதாரண அடுக்குக் கட்டணம். முதல் 200 யூனிட்டுக்கு 21.80 காசு, அடுத்த 100-க்கு 33.40, அதற்கு அடுத்த 300-க்கு 51.60. மேல் அடுக்கின் விலை மேல் அடுக்கில் விழுந்த யூனிட்டுக்கு மட்டும்தான். 300-ஐத் தாண்டி ஒரு யூனிட் ஓடினால் அந்த ஒன்றுக்கு 51.60 காசு, அவ்வளவுதான். கீழே இருக்கும் 300 யூனிட்டை யாரும் தொடமாட்டார்கள். மாடிப்படி மாதிரி இல்லை, சாய்வுப் பாதை மாதிரி. ஏற ஏறக் கொஞ்சம் செங்குத்தாகும், ஆனால் எந்த இடத்திலும் தடுக்கி விழமாட்டோம்.

2025 ஜூலை 1-இல் தீபகற்ப மலேசியாவில் அந்த அமைப்பு போய்விட்டது. இப்போது வீட்டுக்கான பில்லில் மூன்று கட்டணங்கள் தனித்தனி வரியாக வருகின்றன. மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 27.03 காசு, கொள்ளளவுக்கு 4.55 காசு, கம்பித் தடத்துக்கு 12.85 காசு. மலாயில் சாஜ் தெனாகா, சாஜ் கபாசிட்டி, சாஜ் ரங்காயான் என்று போட்டிருக்கும். மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் இந்த மூன்றும் ஒன்றுதான். கூட்டினால் 44.43 காசு. நேரத்துக்கு ஒரு விலை என்ற திட்டத்துக்கு மாறியவர்களுக்கு மட்டும் முதல் வரி வேறு மாதிரி இருக்கும். அவர்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

அப்படியானால் அடுக்கு எங்கே போனது? கழிவுக்குள் போய் ஒளிந்துகொண்டது. பில்லில் இன்செந்திஃப் செக்காப் தெனாகா என்று கழித்தல் குறியோடு ஒரு வரி வரும். குறைவாகப் புழங்கும் வீட்டுக்குத் தரும் கழிவு அது. பில்லின் விதி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. மாதம் 200 யூனிட் வரை புழங்கினால் யூனிட்டுக்கு 25 காசு கழிவு. 250 வரை 24.5, 300 வரை 22.5, 350 வரை 21, 400 வரை 17, 450 வரை 14.5, 500 வரை 12, 550 வரை 10.5, 600 வரை 9. அதற்கு மேலும் ஐம்பது ஐம்பதாகக் குறைந்துகொண்டே போய், 901-இலிருந்து 1,000 வரை வெறும் அரைக் காசு. ஆயிரத்தைத் தாண்டினால் ஒன்றும் இல்லை.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அந்தக் கழிவு அந்தந்த அடுக்கில் விழுந்த யூனிட்டுக்கு மட்டும் கிடைப்பதில்லை. மாத முடிவில் மொத்தம் எந்த அடுக்கில் போய் நிற்கிறதோ, அந்த அடுக்கின் கழிவுதான் முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரைக்கும். 350-இல் நின்றால் 350 யூனிட்டுக்கும் 21 காசு கழிவு. 351-இல் நின்றால் 351 யூனிட்டுக்கும் 17 காசுதான். ஒரு யூனிட் கூடியதற்காக முன்னால் ஓடிய 350 யூனிட்டிலும் யூனிட்டுக்கு 4 காசு கைவிட்டுப் போகிறது. அதுவே 14 வெள்ளி. ஊரில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தமிழ்நாட்டிலும் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே இருக்கும் அடுக்குகளின் விலையே மாறிவிடும்.

ஆக, கணக்கு ஒரே வரி:

```
வெள்ளி = யூனிட் × (44.43 − கழிவு) ÷ 100
```

உங்கள் இரண்டு பில்லையும் இதில் போட்டுப் பாருங்கள். 349 யூனிட்டுக்கு 44.43-இல் 21 போக 23.43 காசு, மொத்தம் 81 வெள்ளி 77 காசு. 352 யூனிட்டுக்கு 17 மட்டும் போக 27.43 காசு, மொத்தம் 96 வெள்ளி 55 காசு. வித்தியாசம் 14 வெள்ளி 78 காசு. 300 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கென்று 1.6 விழுக்காடு சேரும். அது கேடபிள்யூடிபிபி என்ற பெயரில் தனி வரியாக இருக்கும். உங்கள் அளவுக்கு அது ஒன்றிரண்டு வெள்ளிதான். இரண்டு பில்லிலும் இருப்பதால் வித்தியாசத்தை அது பெரிதாக மாற்றாது. மீட்டரில் ஒரு குறையும் இல்லாமலே உங்கள் 15 வெள்ளி வந்துவிட்டது பாருங்கள்.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய அடுக்கில் 349 யூனிட்டுக்கு 102 வெள்ளிக்கு மேல் வந்திருக்கும், 352-க்கு கிட்டத்தட்ட 104. அதாவது எகிறிய உங்கள் பில்கூடப் பழைய விலையைவிடக் குறைவு. "விலையை ஏற்றிவிட்டான்" என்று எங்கள் புளோக்கில் பாதிப் பேர் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. விலை ஏறவில்லை, வழியில் படி முளைத்திருக்கிறது. பழைய பழக்கத்தில் நடப்பவர் அதில் தடுக்குகிறார்.

எல்லாப் படியும் ஒரே உயரம் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். 200-ஐத் தாண்டும்போது ஒரு வெள்ளி 20 காசுதான் எகிறும், அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 250-இலும் 300-இலும் 5 வெள்ளி சுற்று. 350-இல் 14 வெள்ளிக்கு மேல். 400-இல் 10, 450-இல் பதினொன்றரை. 500-இலும் 550-இலும் 8 வெள்ளி பக்கம். நாலு பேர் உள்ள பிளாட் வீடு பெரும்பாலும் 300-க்கும் 450-க்கும் நடுவில்தான் புழங்கும். ஆக, உயரமான படிகள் நம்மைப் போன்ற வீடுகளின் வாசலிலேயே வந்து நிற்கின்றன. அதற்கப்புறம் 600. அது தனிக் கதை, கடைசியில் வருகிறேன்.

இதனால் கணிக்கும் முறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் "போன மாதம் 100 வெள்ளி, இந்த மாதம் ஏர்கோன் கொஞ்சம் கூட, 105 வரும்" என்று குத்துமதிப்பாகச் சொன்னால் சரியாக இருந்தது. இப்போது வெள்ளியை நேராகக் கணிக்கப் போனால் தப்பாகும். யூனிட்டைக் கணியுங்கள், அது எந்தப் படியில் விழுகிறது என்று பாருங்கள், வெள்ளி தானாக வரும். படி விளிம்புக்கு மிக அருகில் விழுந்தால் ஒரு தொகை சொல்ல முடியாது, இரண்டு தொகை சொல்ல வேண்டும்.

யூனிட்டைக் கணிக்க மீட்டரைப் பார்த்தாக வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் மாட்டியிருந்தால் myTNB செயலியில் தினசரிப் புழக்கம் தெரியும். இல்லாவிட்டால் கீழே மீட்டர் பலகைக்கு இறங்கிப் போய் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். திரையில் எண்கள் மாறி மாறி வரும், பக்கத்தில் kWh என்று வரும் எண்தான் வேண்டும். எடுக்கும் முன் மீட்டரின் வரிசை எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வாரம் நான் தினம் காலையில் இறங்கிப் போய் மிகக் கவனமாகக் குறித்துவந்தது பக்கத்து வீட்டு மீட்டரை. அவர்கள் குடும்பத்தோடு ஈப்போ போயிருந்தார்கள். "பாரு, நம் வீட்டுப் புழக்கம் பாதியாகிவிட்டது" என்று நான் பெருமையடித்ததை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

சரி, உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்வோம். பில் கணக்கு ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்குகிறது, 30 நாள் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் உள்ள கடைசி அளவு 14,206. இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அதனால் வேலை நாளில் பத்தரை யூனிட் ஓடும், சனி ஞாயிறில் எல்லோரும் வீட்டில் இருப்பதால் பதின்மூன்றரை. இது நான் வைத்துக்கொண்ட எண்தான், ஆனால் உங்கள் 350-க்கு இது பொருந்துகிறது.

பத்து நாள் கழித்து மீட்டரைப் பார்க்கிறீர்கள். 14,323. கழித்தால் 117 யூனிட். நாளுக்கு 11.7, முப்பது நாளுக்கு 351. "ஐயோ, இந்த மாதமும் தாண்டிவிட்டது" என்று தோன்றும். ஆனால் அந்தக் கணிப்பு தப்பு. பத்து நாளில் இரண்டு வார இறுதி உள்ளே வந்துவிட்டது. நாலு நாள் சனி ஞாயிறு, ஆறு நாள்தான் வேலை நாள். மாதம் முழுக்க அந்த விகிதத்தில் இருக்காது.

அதனால் பத்து நாள் கணக்கு வேண்டாம், ஏழு நாள் அல்லது பதினாலு நாள் கணக்கு எடுங்கள். வாரம் முழுசாக அடங்க வேண்டும். பதினாலாம் நாள் முடிவில் பார்த்தால் மீட்டர் 14,365 காட்டும். 159 யூனிட், வாரத்துக்கு எழுபத்தொன்பதரை. நாலு வாரத்துக்கு 318. முப்பதில் மிச்சம் இரண்டு நாள், சனியில் தொடங்கியதால் அவையும் சனி ஞாயிறு, 27 யூனிட். மொத்தம் 345. படிக்குக் கீழே ஐந்து யூனிட். பத்து நாள் கணக்கு மேல் படி என்றது, இரண்டு வாரக் கணக்கு கீழ் படி என்கிறது. ஆறு யூனிட் வித்தியாசம்தான், ஆனால் பில்லில் அது 15 வெள்ளி.

இப்போது மேசை மேல் இருக்கும் காலண்டரைப் பாருங்கள். மீட்டர் சொல்வது இதுவரை நடந்த கதை, வரப்போகும் வாரத்தைப் பற்றி அதற்குத் தெரியாது. மூன்றாவது வாரம் பள்ளி விடுமுறை என்றால், பிள்ளைகள் ஐந்து வேலை நாளும் வீட்டில். அந்த ஐந்து நாளும் சனிக்கிழமை மாதிரிதான் ஓடும், நாளுக்கு மூன்று யூனிட் கூட. பதினைந்து யூனிட் ஏறி 360 ஆகும். ஆக, நான் எழுதி வைக்கும் கணிப்பு இரண்டு வரி. விடுமுறையில் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போனால் 345 யூனிட், 80 வெள்ளி 83 காசு. வீட்டிலேயே இருந்தால் 360 யூனிட், 98 வெள்ளி 75 காசு. இரண்டிலும் மேலே ஒன்றிரண்டு வெள்ளி நிதிக் கட்டணம். நடுவில் 90 என்று ஒரு தொகையைச் சொல்லலாமா என்றால் கூடாது. இந்தக் கட்டணத்தில் 82-க்கும் 96-க்கும் நடுவில் ஒரு பில்லே கிடையாது. 350 யூனிட்டில் 82 வெள்ளியோடு ஒரு படி முடிகிறது, 351-இல் 96 வெள்ளி 28 காசோடு அடுத்தது தொடங்குகிறது. நிதிக் கட்டணம் சேர்ந்தாலும் அந்த வெற்றிடம் அப்படியே கொஞ்சம் மேலே நகரும், நிரம்பாது.

360 ஆகும் என்று பதினாலாம் நாளே தெரிந்துவிட்டால் என்ன செய்யலாம்? பத்து யூனிட்டை மிச்சம் பிடிக்க வேண்டும், கைக்காவலாகப் பன்னிரண்டு என்று வையுங்கள். ஒரு குதிரைசக்தி ஏர்கோன், இன்வெர்ட்டர் இல்லாத பழைய மாதிரி, கம்ப்ரெசர் ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய 0.8 யூனிட் இழுக்கும். விடுமுறையின் ஐந்து நாளும் மதியத்தில் இரண்டு மணி நேரம் காற்றாடியோடு சமாளித்தால் எட்டு யூனிட் வரை மிஞ்சும். குளியலறைச் சுடுநீர்ப் பெட்டி 3.6 கிலோவாட் என்றால் பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட். பகல் வெயிலில் குளிக்கும் பிள்ளைகள் இருவரும் அந்த ஐந்து நாள் அதைத் தொடாமல் இருந்தால் ஆறு யூனிட். இரண்டும் சேர்ந்தால் 350-க்குக் கீழே வந்துவிடும். விளக்கை அணைப்பது, கைப்பேசி சார்ஜரைப் பிடுங்குவது எல்லாம் இந்த அவசரத்துக்கு உதவாது. பத்து வாட் எல்இடி விளக்கு நூறு மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. படியைத் தாண்டிவிட்டால், அந்தப் படிக்குள் எவ்வளவு முக்கி முனகினாலும் பெரிதாக மிஞ்சாது. 365-இலிருந்து 360-க்கு இறக்கினால் ஒரு வெள்ளி 37 காசு. அதற்காகப் பிள்ளைகளை வேர்க்க வைக்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு, என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். கணிப்பு 375 என்று வந்தால் நான் அந்த மாதத்தை விட்டுவிடுவேன். ஒரே கண், அது அடுத்த 400-ஐத் தொடாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கும்.

கணக்கைக் கெடுக்கும் விஷயங்கள் இரண்டு. முதலாவது பில்லின் நாள் கணக்கு. பில்லில் தெம்போ பில் என்று தேதி முதல் தேதி வரை போட்டிருக்கும். வழக்கமான தேதிக்கு முன்போ பின்போ மீட்டர் எடுத்திருந்தால் அடுக்குகளையும் அதற்கேற்ப நீட்டுவார்கள் அல்லது சுருக்குவார்கள். அதைக் காட்டுவது ஃபாக்டர் புரோராட்டா என்ற எண். 1.00000 என்றிருந்தால் நான் மேலே சொன்ன அடுக்குகள் அப்படியே. வேறு எண் என்றால் 350-ஐ அந்த எண்ணால் பெருக்கிக்கொள்ளுங்கள். உங்கள் படி அங்கே இருக்கும்.

இரண்டாவது, அங்காரான் என்ற மதிப்பீட்டு அளவு. பழைய மீட்டர் உள்ள தரை வீடுகளில் கேட் பூட்டியிருந்து மீட்டர் எடுக்க முடியாமல் போனால், முந்தைய புழக்கத்தை வைத்து ஒரு எண் போட்டு பில் அனுப்புவார்கள். அடுத்த தடவை உண்மை அளவு எடுக்கும்போது விட்டுப்போனதெல்லாம் சேர்ந்து வரும். மதிப்பீட்டு பில்லில் உள்ள எண்ணைத் தொடக்கமாக வைத்துக் கழித்தால் உங்கள் கணிப்பு முதல் நாளிலேயே சாய்ந்துவிடும். அந்த மாதம் பில் வந்த அன்றைக்கே மீட்டரைப் படம் பிடித்து, பில்லில் உள்ள எண்ணோடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். முப்பது நாற்பது யூனிட் இடைவெளி இருந்தால், அது ஏற்கெனவே அடுத்த மாதப் பில்லில் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

600 பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். உங்கள் வீட்டுக்கு அது தூரம்தான், ஆனால் உங்கள் மாமியார் வீடு மாதிரி மூன்று ஏர்கோன் உள்ள தரை வீடுகளுக்கு அதுதான் பெரிய படி. 600 யூனிட்டில் 212 வெள்ளி 58 காசு. 601-இல் கழிவு ஏழரைக் காசாகக் குறைந்து 221 வெள்ளி 95 காசு ஆகும். அதோடு அதுவரை விலக்கு இருந்த மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் வந்து சேரும். மாதா மாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது, அது கூட்டவும் செய்யும் குறைக்கவும் செய்யும். 600-க்கு மேல் உள்ள யூனிட்டுக்கு 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு. சரிக்கட்டலையும் வரியையும் விட்டுவிட்டாலும் 19 வெள்ளிக்கு மேல் எகிறும். 600-க்கு மேல் போகும் வீட்டுக்கு என் ஒரு வரிக் கணக்கு போதாது. 10 வெள்ளியைக் கூட்டி, அந்த மாதத்துக்கு அறிவித்த சரிக்கட்டல் காசை யூனிட்டால் பெருக்கிச் சேர்த்தோ கழித்தோ, அந்தச் சேவை வரியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சபா, சரவாக்கில் இருப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது, அங்கே கட்டணமே வேறு.

மீட்டர் கோளாறா என்ற உங்கள் முதல் கேள்விக்கு மனது ஆறவில்லை என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கீழே போய்ப் பாருங்கள். மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டும், பக்கத்தில் யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று imp/kWh எண் அச்சிட்டிருக்கும். மெயின் அணைந்திருக்கும்போது அது சிமிட்டக் கூடாது. ஐந்து நிமிடம் நின்று பார்த்தும் சிமிட்டிக்கொண்டே இருந்தால், முதலில் அது உங்கள் மீட்டர்தானா என்று வரிசை எண்ணை இன்னொரு தடவை பாருங்கள். உங்களுடையதுதான் என்றால் அந்தச் சிமிட்டலை வீடியோ எடுத்துக்கொண்டு புகார் கொடுங்கள். மேலே ஏறும் முன் ஐஸ்பெட்டியை ஞாபகம் வைத்து மெயினைப் போட்டுவிடச் சொல்லி வீட்டுக்கு ஒரு கால் அடியுங்கள்.